ஒரே கடையின் படங்களாகத் தெரிய: வீட்டிலிருந்து புடவை விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வரிசையாகப் பார்த்தால் ஆறு கடைகளின் படங்களை ஒட்டி வைத்ததுபோல் இருக்கிறது. ஏன்?

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியிலிருந்து பருத்திப் புடவை விற்கும் ஓர் அக்கா இதே குறையோடுதான் என்னை அழைத்தார். எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு எடுத்து வந்து, பிரித்து, படம் எடுத்து, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவார். அவருடைய கடைசி முப்பது படங்களைத் தரையில் பரப்பியதுபோல் ஒரே திரையில் வைத்துப் பார்த்தோம். சில படங்கள் மஞ்சளாக இருந்தன, சில நீலமாக இருந்தன. நான்கைந்து படங்களில் மட்டும் லேசான பச்சை படர்ந்திருந்தது. மஞ்சள் வந்த படங்கள் இரவில் குண்டு பல்பின் கீழ் எடுத்தவை. நீலமானவை மழை நாளில் ஜன்னலோரம் எடுத்தவை. பச்சை எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

அறையின் சுவர் கடல்பச்சைப் பெயிண்ட். நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் இந்த நிறமோ ரோஜா நிறமோதான். ஜன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டு, அந்தப் பச்சையைச் சுமந்துகொண்டு புடவைமேல் விழுகிறது. கண் அதைப் பொருட்படுத்தாது, மூளை திருத்திக்கொள்ளும். கேமரா அப்படியே பதிந்துவிடும். அவர் விரித்திருந்த வெள்ளைத் தாளின் நிறத்தைக் கணினியில் அளந்து பார்த்தோம். சிவப்பு 205, பச்சை 219, நீலம் 208. வெள்ளையோ சாம்பலோ உண்மையில் நடுநிலையாக இருந்தால் மூன்று எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு அதே இடத்தில் மறுபடி எடுத்தோம். 212, 212, 210. சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டிய தேவைகூட இல்லாமல் போனது.

ஆக, அவர் கையில் இருந்த ஃபோன் நல்ல ஃபோன், எடுத்த கையும் நல்ல கைதான். ஒவ்வொரு நாளும் வெளிச்சம், தூரம், உயரம், நிறத் திருத்தம் ஆகிய நான்கும் மாறிக்கொண்டே இருந்தன என்பதுதான் கோளாறு. இந்த நான்கையும் ஒருமுறை முடிவு செய்து, எழுதி வைத்து, பிறகு மாற்றாமல் இருந்தால் படங்கள் தாமாகவே ஒரே கடையாகிவிடும்.

ஜன்னல் வெளிச்சம் போதுமா, விளக்கு வாங்க வேண்டுமா?

ஜன்னல் வெளிச்சம் அழகானது, நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் அது நிலையாக இருப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கடல் கிழக்கே இருப்பதால், ராயபுரம், காசிமேடு பக்கம் கிழக்கு ஜன்னலில் காலை வெயில் நேராகப் பாய்கிறது. அந்த வெயிலில் எடுத்தால் மடிப்புகளின் நிழல் கறுத்து, ஜரிகை வெளுத்துப் போகும். பத்து மணிக்கு மேல் அதே ஜன்னல் மென்மையாகிவிடும். வடக்கு ஜன்னல்தான் சீரானது என்று பொதுவாகச் சொல்வார்கள். சென்னைக்கு அது முழுக்கப் பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 13 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே செல்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் நேர் வெயில் விழலாம்.

எந்த ஜன்னலானாலும் ஒரு பழைய மல் வேட்டியை ஒற்றையாக அதன்மேல் கட்டுங்கள். வெயில் உடைந்து பரவலாகிவிடும். ஜன்னல் புடவைக்கு இடது பக்கம் இருக்கட்டும். வலது பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் நிழல் பக்கம் தெளியும். பலகையை ஓர் அடி நகர்த்தினாலும் நிழலின் அடர்த்தி மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதனால் அது நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். ஜன்னலும் டியூப் லைட்டும் சேர்ந்தால் புடவையின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் இன்னொரு நிறமுமாக வரும். அதைப் பிறகு எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது, ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும்.

தீபாவளி விற்பனைக்கு நாம் அதிகமாகப் படம் எடுக்கும் அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. காலையில் வெயில், பதினோரு மணிக்கு மேகம், இரண்டு மணிக்கு இருட்டு. அந்தப் பருவத்துக்காக மட்டுமாவது இரண்டு எல்.இ.டி. விளக்குகள் வாங்குங்கள் என்பேன். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியவையாக இருக்க வேண்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். விளக்கின் வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதன் அளவு அது. 90-க்குக் குறையாமல் பாருங்கள். வாட் எத்தனை என்பதைவிட நமக்கு அதுதான் முக்கியம். ஜன்னல் இருந்த அதே இடது பக்கத்தில், அதே வேட்டிக்குப் பின்னால் இரண்டு விளக்குகளையும் வையுங்கள். திசை மாறாததால் பழைய படங்களோடு ஒட்டிப்போகும். மலிவான விளக்கில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஃபோனில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும்.

ஃபோனை எப்படி வைப்பது? தொட்டதும் அதுவாகவே வெளிச்சத்தை மாற்றிவிடுகிறதே?

ஃபோன் தன்னிச்சையாகச் செய்யும் இரண்டு வேலைகளைத்தான் நாம் தடுக்க வேண்டும்.

முதலாவது வெளிச்ச அளவு. கேமரா தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைக் கேரளப் புடவையை வைத்தால் அழுக்குச் சாம்பலாக்கும். கறுப்புப் புடவையை வைத்தால் வெளுத்த கரியாக்கும். அக்காவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கறுப்புப் புடவைகள் எல்லாம் பழசாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். திரையில் புடவைமேல் விரலை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டுங்கள். ஐஃபோனில் `AE/AF LOCK` என்று வரும். பிறகு வெள்ளைக்குச் சற்றுக் கூட்டியும் கறுப்புக்குச் சற்றுக் குறைத்தும் நகர்த்துங்கள், ஒரு படி போதும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. புடவை இருக்கும் இடத்தில் முதலில் எந்த நிறமும் சாயாத நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து அளவைப் பூட்டிவிட்டு, அந்தப் பூட்டை அவிழ்க்காமல் எல்லாப் புடவைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுங்கள். வெளிச்சம் மாறவில்லை என்றால் அளவும் மாறத் தேவையில்லை. வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் வரும்.

இரண்டாவது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி ஃபோன் நிறத்தைத் திருத்தும் வேலை. சிவப்புப் புடவை படம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம்தான் சிவப்பு என்று ஃபோன் நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். அடுத்து நீலப் புடவை வந்தால் மஞ்சளைக் கூட்டும். விரித்த தாள் ஒன்றே, ஆனால் இரண்டு படத்திலும் அது இரண்டு நிறம். ஃபோனில் `Pro` பகுதி இருந்தால் அதில் `WB` என்பதைத் தொட்டு, 5600 போன்ற ஓர் எண்ணை வைத்து விட்டுவிடுங்கள். எண் கொஞ்சம் தவறாக இருந்தாலும் பாதகமில்லை. எல்லாப் படத்திலும் ஒரே தவறு இருந்தால் ஒரே திருத்தத்தில் போய்விடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இந்த எண் நீலம் மஞ்சள் என்ற திசையில் மட்டுமே நகர்த்தும். பச்சைச் சுவரின் பச்சையை அது தொடாது. அதற்கு விரிப்பைத் தொங்கவிடுவதுதான் வழி.

சாம்சங் ஃபோன் என்றால் `Scene optimiser` இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். மற்ற ஃபோன்களிலும் காட்சியைத் தானாக அழகாக்கும் வசதிகள் இருக்கும், அவையும் வேண்டாம். ஒரு புடவையை உணவு என்றும் மறு புடவையைப் பூ என்றும் கருதி, தனித்தனியாக நிறத்தைக் கூட்டும் வேலை அது.

நேரில் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். நான் நிறத்தைக் கூட்டவே இல்லையே?

மேலே சொன்ன இரண்டையும் பூட்டினால் இந்தப் புகாரில் பெரும்பகுதி குறையும். ஆனால் சில நிறங்கள் பூட்டினாலும் ஏமாற்றும். அரக்குச் சிவப்பு, ராணி ரோஜா, கத்தரிப்பூ ஆகிய மூன்றையும் நான் எப்போதும் தனியாகச் சரிபார்க்கிறேன். அடர்ந்த சிவப்பு கேமராவில் அளவு மீறி, நெசவின் இழையே தெரியாமல் ஒரே தட்டையான சிவப்பாகிவிடும். அந்தப் புடவைக்கு மட்டும் வெளிச்ச அளவை அரைப் படி குறைத்து எடுங்கள், இழை திரும்பி வரும். கத்தரிப்பூ நீலத்தின் பக்கம் சாயும்.

மயில்கழுத்து வேறு வகை. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். ஒரு கோணத்தில் பச்சை, தலையைச் சாய்த்தால் நீலம். இதை ஒரே படத்தில் காட்ட முயன்றால் கட்டாயம் யாராவது திருப்பி அனுப்புவார்கள். மடிப்பை லேசாக வளைத்து, இரண்டு நிறமும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு கிட்டப்படம் கூடுதலாக எடுங்கள். விவரத்தில், பாவும் ஊடையும் எந்தெந்த நிறம் என்று எழுதுங்கள்.

சரிபார்க்கும்போது, புடவையை அதே ஜன்னலுக்குக் கீழே வைத்துக்கொண்டு ஃபோன் திரையைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரையின் வெளிச்சம் முக்கால் அளவில் இருக்கட்டும். இரவில் கண்ணுக்கு இதமாக்கும் மஞ்சள் வடிகட்டி அணைந்திருக்க வேண்டும். ஐஃபோனில் `True Tone` என்பதையும் அணையுங்கள். அக்கா மூன்று மாதமாக அந்த மஞ்சள் வடிகட்டி ஓடிக்கொண்டிருப்பது தெரியாமலே படங்களை நீலமாக்கிக்கொண்டிருந்தார்.

புடவை ஒரு படத்தில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரிகிறது. கோடு போட்டா எடுக்க முடியும்?

முடியும், அப்படித்தான் எடுக்க வேண்டும். முதலில் மடிப்பைச் சமமாக்குங்கள். பழைய சட்டைப் பெட்டியின் அட்டையில் 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம் ஒன்றை வெட்டி, ஒவ்வொரு புடவையையும் அதை உள்ளே வைத்தே மடியுங்கள். படம் எடுத்ததும் அட்டையை உருவிவிடலாம். எல்லாப் புடவையும் ஒரே அளவாக, மூலை நேராக நிற்கும்.

பிறகு தூரம். அக்கா ஃபோனை இரண்டடியில் பிடித்து எடுப்பார். அவ்வளவு கிட்டத்தில் சாதாரண லென்ஸ், தன் பக்கம் இருக்கும் கரையை வீங்கவும் தள்ளி இருக்கும் பகுதியைச் சுருங்கவும் வைக்கும். நான்கு அங்குலக் கரை ஆறு அங்குலமாகத் தெரிந்தால், வாங்கியவர் பெட்டியைப் பிரித்தவுடன் ஏமாற்றமடைவார். ஸ்டாண்டை ஐந்தடிக்குத் தள்ளி, `2x` வைத்து எடுக்கச் சொன்னேன். அந்த வசதி இல்லாத ஃபோனில் ஐந்தடியில் சாதாரணமாக எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000-க்கு 3000 புள்ளிகள். இன்ஸ்டாகிராமின் செங்குத்துப் படத்துக்கு 1080-க்கு 1350 போதும். வெட்டினாலும் மிச்சம் இருக்கும்.

ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்கும் இடம், மேசையின் இரண்டு முன்மூலைகள், தெர்மாகோல் நிற்கும் கோடு, எல்லாவற்றுக்கும் தரையில் டேப். ஸ்டாண்டின் நடுக்கம்பியிலும் உயரத்துக்கு ஒரு டேப். படத்தில் புடவைக்கு மேலும் கீழும் படத்தின் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் புடவையின் இடது ஓரம் சாயவில்லை என்பது உடனே தெரியும்.

ஒரு புடவைக்கு எத்தனை படம்?

நான்கு. மடித்த புடவை, முந்தி விரித்தது, கரையும் உடலும் சேருமிடத்தின் கிட்டப்படம், ரவிக்கைத் துணி. வரிசையும் இதுவேதான், மாறக்கூடாது. பக்கத்தைப் பார்ப்பவர் மூன்றாவது படத்தில் இழையைப் பார்க்கலாம் என்று பழகிவிடுவார். வரிசையில் முகமாக நிற்பது எப்போதும் மடித்த படம்தான். ஒரு நாள் முந்தியையும் ஒரு நாள் கட்டிய படத்தையும் முகப்பில் போட்டால், மற்றது எல்லாம் சரியாக இருந்தும் வரிசை சிதறும்.

பின்னணிக்கு என்ன விரிப்பது? பூ, குத்துவிளக்கு, செம்பு வைக்கலாமா?

ஒரே ஒரு தளம், ஒரே ஒரு துணைப்பொருள். நிறமுள்ள பின்னணி உங்கள் விருப்பம், ஆனால் உங்கள் சரக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அக்காவிடம் எல்லா நிறமும் இருந்ததால், சாயமேற்றாத கோரா பருத்தித் துணியை விரித்தோம். பளபளக்காது, வெள்ளைப் புடவையும் அதில் தனித்துத் தெரியும், கறுப்பும் தெரியும். இரண்டரை மீட்டர் ஒரே பாவிலிருந்து வெட்டி வாங்கி, பாதியை எடுத்து வைத்துவிட்டோம். முதல் துணி அழுக்கானால் அதே நிறத்தில் இன்னொன்று கிடைப்பது சந்தேகம்.

துணைப்பொருளாக அவருடைய பாட்டியின் பித்தளைச் செம்பு இருந்தது. அது எப்போதும் வலது மேல்மூலையில், பாதி படத்துக்கு வெளியே. மல்லிகைச் சரம் வைக்க வேண்டாம் என்றேன். மணி பத்துக்கு வெள்ளையாகவும் ஒரு மணிக்குப் பழுப்பாகவும் இருக்கும், வரிசையில் அது அசிங்கமாகத் தெரியும்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் சாலையோரம் நாம் குடியிருக்கிறோம். கறுப்பு, கரும்பச்சைப் புடவையில் அரை மணியில் தூசி படிந்துவிடும். தூசியை ஒட்டி எடுக்கும் உருளையைத் துணிமேல் ஒருமுறை உருட்டிவிட்டுப் படம் எடுங்கள். படத்தில் ஒவ்வொரு துகளாக அழிப்பது அரை நாள் வேலை.

ஃபில்டர் போட்டால் ஒரே மாதிரி ஆகாதா?

ஆகாது. ஃபில்டர் ஒவ்வொரு படத்தையும் ஒரே அளவு நகர்த்தும். ஏற்கெனவே வேறு வேறு நிறத்தில் இருக்கும் படங்கள் நகர்ந்த பிறகும் வேறு வேறாகவே இருக்கும். அத்துடன் மஞ்சள் ஃபில்டர் உங்கள் வெள்ளைப் புடவையைச் சந்தனமாக்கி விற்றுவிடும், அது வாங்குபவருக்குச் செய்யும் தவறு.

திருத்தம் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் படம் சாம்பல் அட்டையோடு. `Snapseed` செயலியில் `White Balance` கருவியில் உள்ள சொட்டுக்குழாய்க் குறியை அந்த அட்டைமேல் வைத்தால் நிறம் சரியாகும். அப்போது செய்த திருத்தத்தை `Looks` பகுதியில் சேமித்து, அன்றைய மற்றப் படங்களுக்கு அதையே போடுங்கள். மறுநாள் புதிய அட்டைப் படம், புதிய திருத்தம். நேற்றைய திருத்தத்தை இன்று போடக்கூடாது.

அமேசானில் வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள். கோரா துணி என்ன ஆகும்?

அங்கே முகப்புப் படத்துக்குத் தூய வெள்ளை வேண்டும், மூன்று எண்களும் 255. பொருள் படத்தில் 85 சதவீதம் நிறைய வேண்டும், எழுத்தும் சின்னமும் கூடாது. அதனால் முகப்புக்கு மட்டும் வெள்ளைச் சார்ட் தாளில் ஐந்தாவதாக ஒரு படம் எடுங்கள். மற்ற படங்கள் கோராவிலேயே இருக்கட்டும். மடிப்பு, கோணம், வெளிச்சத் திசை ஒன்றாக இருப்பதால் அங்கேயும் உங்கள் கடை அடையாளம் தெரியும்.

என் தம்பி எடுத்தால் வேறு மாதிரி, நான் எடுத்தால் வேறு மாதிரி வருகிறது.

சொல்லிக்கொடுத்தால் போதாது, சுவரில் எழுதி ஒட்டுங்கள். அக்கா வீட்டில் ஒட்டியிருப்பது இதுதான்:

"டியூப் லைட், மின்விசிறி அணை. எதிர்ச் சுவரில் விரிப்பு. ஜன்னலில் வேட்டி ஒற்றை. ஸ்டாண்ட் மூன்று டேப்பில், உயரம் சிவப்பு டேப். 2x. WB 5600. சாம்பல் அட்டை முதலில், அளவைப் பூட்டு. அட்டை வைத்து மடி, கரை நம் பக்கம், செம்பு வலது மேலே. நான்கு படம், வரிசை மாறாதே. மேகம் மூடினால் நிறுத்து, அட்டையை மறுபடி எடு."

மின்விசிறி ஏன் என்று தம்பி கேட்டாராம். முந்தி ஆடினால் குஞ்சம் கலங்கலாகப் பதியும், அதனால்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடுகிறது.

சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கிவிடும். மொத்தமாக வாங்குபவருக்கு ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அப்படியே போகும்.

பழைய படங்களை எல்லாம் நீக்கிவிடவா?

நீக்க வேண்டாம். இன்னும் கையிருப்பில் உள்ள புடவைகளை மட்டும் புதிய முறையில் மறுபடி எடுங்கள். விற்றுப் போனவற்றைக் காப்பகத்துக்கு நகர்த்துங்கள். அக்காவிடம் கையிருப்பு 22 புடவைகள். மடிக்க ஒரு மாலை, எடுக்க மறுநாள் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒன்பது படங்கள் ஏறியதும் பக்கத்தைத் திறந்தால் முதல் திரை முழுக்கப் புதியதாக இருக்கும். அதன்பிறகு புதிய சரக்கு வர வர, பழையவை கீழே இறங்கிக்கொள்ளும்.